மயங்கி விழுவது விலை அல்ல

இந்த மாதமும் ஒரு பாட்டி மந்திரம் சொல்லிக் கடலை அடக்கிவிட்டு மயங்கி விழுந்தார். அடுத்த அத்தியாயத்தில் எழுந்து கஞ்சி குடித்தார். நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு மாயக்கதைக் கைப்பிரதிகளைப் படித்துத் திருத்துவது என் தொழில். மயங்கி விழுந்து எழும் பாட்டிகளும் மூக்கில் ரத்தம் வடியும் இளைஞர்களும் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். இனியும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால் மாய சக்திக்குக் கதையில் எப்படி விலை வைப்பது என்று இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்தக் கைப்பிரதி மோசமானதல்ல. நம் மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஓர் ஊர். ஆனி மாதக் கடல். மீன் பிடிக்கப் போன ஐந்து வள்ளங்கள் அலையில் மாட்டிக்கொள்கின்றன. கரையில் நிற்கும் பாட்டிக்குக் கடலை அடக்கும் மந்திரம் தெரியும். அலையையும் காற்றையும் எழுதிய பக்கங்களில் என் பேனாவுக்கு வேலையே இல்லை. ஆனால் மந்திரம் வந்ததும் கதை படுத்துவிட்டது. பாட்டி வாய் திறக்கிறார், கடல் அடங்குகிறது, ஐந்து வள்ளமும் கரை சேருகின்றன.

இந்தச் சக்திக்குப் பாட்டி கொடுக்கும் விலை என்ன என்று எழுதிய தம்பியிடம் கேட்டேன். "அக்கா, அதுதான் மயங்கி விழுகிறாரே, அது விலைதானே?" என்றார்.

இல்லை, தம்பி. மயக்கம் தெளிந்துவிடும் என்பது வாசகருக்குத் தெரியும். பாட்டிக்கும் தெரியும். தெளிந்தபின் அவரிடம் எதுவும் குறைந்திருக்காது. குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும் களைத்துத்தான் வீடு திரும்புகிறார்கள். நாளை வெட்டப் போவதா வேண்டாமா என்று அந்தக் களைப்பை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. அடுத்த முறை அதே சக்தியைப் பயன்படுத்தும் தருணம் வரும்போது கையைப் பின்னுக்கு இழுக்க வைப்பது எதுவோ, அதுவே விலை. மூக்கில் வடியும் ரத்தம் யார் கையையும் இழுக்காது. முடி நரைப்பது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் நரைத்த முடியோடு அவர் செய்ய முடியாமல் போன வேலை ஒன்றுகூட இல்லை. "ஆயுளில் பத்து ஆண்டு குறையும்" என்று எழுதுகிறார்கள். அந்தப் பத்து ஆண்டு வருவதற்கு முன்பே கதை முடிந்துவிடுவதால் அந்தக் கடனை வாசகர் கண்ணால் பார்ப்பதே இல்லை.

"ஒரு முறை பயன்படுத்தினால் மூன்று நாள் சக்தி வராது" என்பதும் விலை அல்ல, அது வரம்பு. வரம்பும் வேண்டும். ஆனால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டால் இரண்டுமே பலவீனமாகிவிடும். சக்தியால் எதைச் செய்ய முடியாது என்று சொல்வது வரம்பு. செய்து முடித்தபின் கையில் எது இல்லாமல் போகிறது என்று சொல்வது விலை.

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கர்ணனைப் பாருங்கள். பிறவியிலேயே உடலோடு வந்த கவசத்தையும் குண்டலத்தையும் கொடுத்துத்தான் இந்திரனிடமிருந்து சக்தி ஆயுதத்தைப் பெறுகிறான். அது விலை. அதை ஒரே ஒரு முறைதான் எறிய முடியும். அது வரம்பு. இரண்டையும் போர் தொடங்குவதற்கு வெகு முன்பே நாம் கேட்டுவிடுகிறோம். அர்ச்சுனனுக்காக அவன் அதைப் பொத்திவைத்திருக்கிறான். பதினான்காம் நாள் இரவுப் போரில் கடோத்கசன் கௌரவப் படையை அழித்துக்கொண்டே வர, சுற்றி நிற்பவர்கள் கர்ணனைப் பார்த்து அலறுகிறார்கள். எறியாவிட்டால் படை இருக்காது. எறிந்தால் அர்ச்சுனனைக் கொல்ல ஆயுதம் இருக்காது. எறிகிறான். கடோத்கசன் விழுகிறான், கிருஷ்ணன் மகிழ்கிறான். ஆயுதம் முழு வலிமையோடு வேலை செய்ததால்தான் கர்ணன் தோற்கிறான். மாயம் சிக்கலை உண்டாக்க வேண்டும் என்று நான் தொண்டை கிழியச் சொல்வது இதைத்தான்.

நம் கடற்கரையில் கதையை வைப்பவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் நடந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நடுக்கடலில் நம் ஆட்களைப் பிடித்தது. உங்கள் புத்தகத்தை வாங்குகிறவரின் வீட்டிலிருந்தே ஒருவர் அன்று திரும்பாமல் போயிருக்கலாம். செலவில்லாமல் கடலை அடக்கும் பாட்டியைப் பார்த்ததும் அவர் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: அன்றைக்கு இந்தப் பாட்டி எங்கே போயிருந்தார்? அதற்கு உங்கள் விதிகள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கதை பொய்யாகிவிடும். அவரையும் புண்படுத்தும்.

தம்பியும் நானும் உட்கார்ந்து விதிகளை மாற்றினோம். பாட்டி சாகக் கூடாது என்று தம்பி சொன்னார், சரி என்றேன். அப்படியானால் பாட்டியிடம் இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். அங்கிருந்துதான் கணியம் வந்தது.

கடலுக்குப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடலடியில் இருக்கும் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். மீன் அங்கேதான் அடையும். கரை தூரத்தில் தெரியும் நடுக்கடலில் அந்தப் பாரைக் கண்டுபிடிக்கக் கரையிலுள்ள அடையாளங்களை ஒன்றுக்கு நேரே ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். மலை உச்சி ஒரு கோயில் கோபுரத்துக்கு நேரே வர வேண்டும், வேறொரு திசையில் கலங்கரை விளக்கம் ஒரு தென்னந்தோப்பின் ஓரத்துக்கு நேரே வர வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் பார் இருக்கிறது. இந்தக் கணக்குத்தான் கணியம். ஜி.பி.எஸ் கருவி வருவதற்கு முன் இதுதான் ஒரு குடும்பத்தின் சொத்து. நல்ல பாரின் கணியத்தை எளிதில் வெளியே சொல்ல மாட்டார்கள்.

புதிய விதிகள் இவை. பாட்டி தண்ணீரில் கால் வைத்து நின்று ஒரு கணியத்தைக் கடலுக்குக் கொடுத்தால், ஒரு படகு கரை சேரும் வரை அந்தப் படகைச் சுற்றிக் கடல் தணியும். கொடுத்த கணியம் அவர் நினைவிலிருந்து போய்விடும், திரும்பாது. படகு அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒக்கியில் போனவர்கள் கரைக்கு எட்டாத தொலைவில் இருந்தார்கள். அன்றைக்கு அவர் எங்கே என்ற கேள்விக்கு, கரையில்தான் நின்றார், யாரும் தெரியவில்லை என்ற பதில் கிடைத்துவிட்டது.

உடனே ஓர் ஓட்டை தெரிந்தது. கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்துவிட்டால்? வாசகர் இதைக் கட்டாயம் கேட்பார். அதை அடைக்க வைத்த விதியில்தான் கதையே பிறந்தது: ஒருவருக்கு மட்டும் தெரிந்த இடத்தைத்தான் கடல் வாங்கும். எழுதிவைத்தாலோ இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டாலோ அந்தக் கணியம் செல்லாது.

பாருங்கள், ஒரு வரியில் எவ்வளவு கிடைத்துவிட்டது. பாட்டியிடம் இருப்பவை அவருடைய கணவர் தனியாகக் கட்டுமரத்தில் போய்க் கண்டுபிடித்து, சாகும் முன் அவரிடம் மட்டும் சொன்ன எட்டு பார்கள். பேரன் கடனில் கிடக்கிறான், சொல்லிக்கொடுங்கள் என்று கெஞ்சுகிறான். அவர் மறுக்கிறார். கஞ்சத்தனம் என்று ஊர் பேசுகிறது. ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் வீட்டில் அடுப்பு எரியும், ஆனால் ஊரில் ஒரு படகைக் காப்பாற்றும் வழி அடைபடும். இங்கே வில்லன் இன்னும் வரவே இல்லை, அதற்குள் கதை நகர்கிறது.

கணக்கை இப்படி வைத்தோம். தொடக்கத்திலேயே ஒரு படகைக் காப்பாற்ற ஒரு கணியம் போகிறது. மறுநாள் பாட்டி பழக்கத்தில் அதைச் சொல்லிப் பார்க்கிறார். "மருந்துவாழ்மலை உச்சிக்கு நேரே..." என்று தொடங்கி நின்றுவிடுகிறார். இழப்பை வாசகர் கண்ணால் பார்த்துவிட்டார். பிறகு கடன் முற்றி, பேரனுக்கு இரண்டைச் சொல்லிக்கொடுக்கிறார். மிச்சம் ஐந்து. ஒரு வியாபாரியின் படகு இறக்கிய வலை தற்செயலாக இன்னொரு பாரில் சிக்க, படகில் இருப்பவர்கள் அந்த இடத்தைக் கருவியில் குறித்துக்கொள்கிறார்கள். இது பாட்டிக்குத் தெரியாது. அவர் கணக்கில் ஐந்து, கடலின் கணக்கில் நான்கு.

ஐந்து வள்ளங்கள் மாட்டிக்கொள்கின்றன. ஒன்றில் பேரன். தன் வீட்டுப் பிள்ளையை முதலில் இழுத்துவிட்டு மற்ற வீட்டு அம்மாக்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்று பாட்டி அவனைக் கடைசிக்கு வைக்கிறார். ஐந்து இருக்கிறதே என்ற தைரியம் அவருக்கு. நான்கு படகுகள் வந்து சேருகின்றன. ஐந்தாவது கணியத்தைச் சொல்கிறார். கடல் தணியவில்லை.

ஐந்து படகுக்கு ஐந்து கணியம் என்று வைத்திருந்தால் பழைய மயக்கம்தான் திரும்பியிருக்கும். அந்த ஒன்றின் குறைவில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்குமேல் என்ன நடக்க வேண்டும் என்பதை எழுதியவரிடம் விட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன்: பேரன் பிழைத்தாலும் போனாலும் அதை மனிதர்கள் செய்ய வேண்டும். கரை சேர்ந்த நான்கு வள்ளங்களில் எது திரும்பவும் அலைக்குள் போகும், எது போகாது என்பது அவர்கள் முடிவு. "பாட்டியின் பாசத்தைக் கண்டு கடலன்னை இரங்கினாள்" என்று எழுதினால் முன்பிருந்த விதிகள் எல்லாம் ஒரே வரியில் செத்துப்போகும். அந்த வரியை நான் பலருடைய பிரதிகளில் அடித்திருக்கிறேன், இனியும் அடிப்பேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. விதிகளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஒரு பக்கம் போதவில்லை என்றால் விதிகளைக் குறையுங்கள், பக்கத்தைக் கூட்டாதீர்கள். மந்திரச் சொற்களைப் பத்தி பத்தியாக எழுதுவதை நிறுத்துங்கள், வாசகர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார். விலையை அது தேவைப்படுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், ஒரு சிறிய நிகழ்ச்சியில் காட்டியும் விடுங்கள். கதையின் கடைசிப் பகுதியில் புதிய சக்தி எதையும் பிறக்க வைக்காதீர்கள். உயிரையே விலையாக வைக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. வேண்டாம். அப்படி வைத்தால் கதை முடியும் வரை யாரும் அந்தச் சக்தியைத் தொட மாட்டார்கள், முடிவில் ஒருவர் தொட்டுச் செத்துப்போவார். அது வாசகருக்கு இரண்டாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். உச்சக்கட்டத்தில் விலையைச் சொல்லும் வரிகளை மட்டும் எடுத்துவிட்டுப் படியுங்கள். பாத்திரங்கள் அதே முடிவைத்தான் எடுக்கிறார்கள் என்றால் அங்கே விலை என்று ஒன்று இருக்கவே இல்லை. பிறகு, குறுக்கு வழி தேடுகிற ஒரு நண்பரிடம் அந்த ஒரு பக்கத்தைக் கொடுத்து, விலை கொடுக்காமல் எப்படித் தப்பலாம் என்று கேளுங்கள். அவர் காட்டும் ஓட்டையை மறைக்காதீர்கள். அதை அடைக்கும் விதி கதைக்குள் யாரையாவது வலிக்க வைக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு அனுப்பும்போதும் கைப்பிரதியோடு அந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள், தயவுசெய்து. முதலில் அதைத்தான் படிப்பேன்.