‘இயல்பா இருக்கணும்’ என்று மட்டும் எழுதினால் எடிட்டருக்குப் புரியாது

பெங்களூருவில் மாரத்தஹள்ளி, பி.டி.எம். லேஅவுட் பக்கம் பி.ஜி.யில் தங்கி வேலை தேடும் நம் பிள்ளைகளிடமிருந்து ஃப்ரீலான்ஸ் போட்டோ எடிட்டர்களுக்கு வரும் மெயில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“வணக்கம் சார். வேலைக்கு அப்ளை பண்ணிக்கிட்டிருக்கேன். லிங்க்ட்இன்லயும் ரெஸ்யூமேலயும் போட ஒரு ஃபார்மல் போட்டோ வேணும். போட்டோ அட்டாச் பண்ணியிருக்கேன். எடிட் பண்ணின மாதிரியே தெரியக்கூடாது, இயல்பா இருக்கணும். முகம் கொஞ்சம் கலரா, பளிச்சுனு இருந்தா நல்லது. கண்ணுக்குக் கீழ கருப்பா இருக்கு, அதை எடுத்துடுங்க. முடிஞ்சா ஒரு கோட்டும் போட்டு விடுங்க. நாளைக்குள்ள வேணும்.”

மரியாதையான மெயில்தான். ஆனால் இதை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க முடியாது. ‘இயல்பா’ என்று ஒரு வரி கேட்கிறது. அடுத்த மூன்று வரிகளும் அதற்கு நேர் எதிரானதைக் கேட்கின்றன. எடிட்டர் தன் ரசனைப்படி ஒரு பக்கம் சாய்வார். படம் திரும்பி வரும்போது “இது நான் மாதிரியே இல்லையே” என்பார் அனுப்பியவர்.

இந்தத் தொழிலில் ‘இயல்பு’ என்பதற்கு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடக்கூடியதைப் படத்திலிருந்து முழுதாக எடுக்கலாம். போகாததைத் தொடக்கூடாது, அல்லது தணிக்க மட்டும் செய்யலாம். பரு, ஷேவிங் கீறல், நெற்றியில் விழுந்த ஒற்றை முடி, சட்டையில் ஒட்டிய நூல் எல்லாம் முதல் வகை. ஹீலிங் பிரஷ்ஷால் முழுதாக நீக்கினாலும் யாருக்கும் உறுத்தாது. மச்சம், தழும்பு, சிரிக்கும்போது வாயோரம் விழும் கோடு இவை ஆளின் அடையாளம். அப்படியே இருக்க வேண்டும். பருக்குழிகளும் கண்ணடிக் கருமையும் நடுவில் நிற்பவை. அவற்றை மூலப்படத்தின் மேல் வைக்கும் தனி லேயரில் சரிசெய்துவிட்டு, அந்த லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்ற அளவான ஓபாசிட்டியை 40 முதல் 50 சதவீதத்துக்கு இறக்குவோம். கண்ணுக்குக் கீழே இருக்கும் நிழலை முழுக்கத் துடைத்துவிட்டால் குழிவே இல்லாமல் போய், கண் முகத்தின் மேல் ஒட்டிவைத்த மாதிரி தெரியும். நெற்றி எண்ணெய்ப் பளபளப்பும் இப்படித்தான். தணிக்கலாம், முற்றாக எடுத்தால் நெற்றி அட்டை போலத் தட்டையாகிவிடும்.

மெயிலில் கட்டாயம் எழுத வேண்டியது, ஆனால் யாரும் எழுதாதது ஒன்று உண்டு: எதைத் தொடக்கூடாது என்பது. குங்குமத்தின் ஓரம் கலைந்திருந்தால் சரிசெய்ய வேண்டுமா, விபூதிக் கீற்று இருக்கட்டுமா, மூக்குத்தியின் மின்னலை மட்டும் குறைக்க வேண்டுமா, புருவத்துக்கு மேலிருக்கும் சின்னத் தழும்பு பிறவியிலிருந்து உள்ளதா நேற்று அடிபட்டதா என்பதெல்லாம் படத்தைப் பார்த்து எடிட்டருக்குத் தெரியாது. ஒரு சின்ன மச்சத்தைப் பரு என்று நினைத்து அழித்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

‘கலரா’ என்ற சொல்லுக்கு வருவோம். இதைக் கேட்கும் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது வெளிச்சத் திருத்தம்தான். பி.ஜி. அறையில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால், கேமரா ஜன்னல் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டு முகத்தை இருட்டாக்கிவிடும். அந்த முகத்தை அதன் சொந்த நிறத்துக்குக் கொண்டுவருவது நியாயமான திருத்தம். அதற்கு மேலே போனால் அது வெளுப்பாக்குதல். எல்லை எது என்று கண்டுபிடிக்க வெள்ளைச் சட்டை உதவும். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தில் வெள்ளைக் காலரின் வெளிச்ச அளவு, எடிட்டிங் ஆப் காட்டும் 0 முதல் 255 வரையிலான கணக்கில், 235 முதல் 245 வரை இருக்கும். நூலின் நெய்வும் தையலும் தெரியும். காலரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்ததும் முகம் எந்த நிறத்தில் நிற்கிறதோ அதுதான் அவர் நிறம். காலரை அங்கேயே விட்டுவிட்டு முகத்தை மட்டும் மேலும் ஏற்றினால், காதும் கழுத்தும் ஒரு நிறம், முகம் வேறு நிறம் என்று காட்டிக்கொடுத்துவிடும். மாநிறமும் கருப்பும் நம் நிறம். அதைக் குறையாக நினைத்து அழிக்கும் வேலையை எடிட்டர் ஏற்கக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீடியோ இன்டர்வியூவில் திரையில் தோன்றப் போவதும் அந்தச் சொந்த நிறம்தானே.

இன்னொரு சிக்கல் கலப்பு வெளிச்சம். ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் மஞ்சள் எல்.இ.டி. பல்ப் இருந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் விழும். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக மாஸ்க் போட்டுச் சரிசெய்யலாம். ஆனால் இரண்டு நிறமும் சந்திக்கும் கோடு மூக்கின் மேலோ தாடையிலோ சாம்பல் திட்டாக மிஞ்சும். அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டுவதைவிட “பல்பை அணைத்துவிட்டு மறுபடி எடுங்கள்” என்று எடிட்டர் சொல்வதே இரண்டு பேருக்கும் நல்லது.

அட்டாச் செய்த ஃபைலைப் பார்ப்போம். பெயர் `IMG-20250614-WA0007.jpg` என்கிற மாதிரி இருந்தால், நடுவில் உள்ள ‘WA’ அது வாட்ஸ்அப் வழியாக வந்த நகல் என்று சொல்லிவிடும். சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடுகிறது. 12 மெகாபிக்சல் போனில் எடுத்த மூலப்படத்தில் அந்தப் பக்கம் சுமார் 4000 பிக்சல்.

ஒருவர் முழு உருவமாக நிற்கும் படம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை, படத்தின் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு. வாட்ஸ்அப் நகலில் தலைக்குக் கிடைப்பது 200 பிக்சல். தலையும் தோளும் மட்டும் தெரியும் ஹெட்ஷாட்டில் தலை சதுரத்தின் பாதிக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். அப்படியானால் வெட்டியெடுக்கும் சதுரம் சுமார் 350 பிக்சல்தான். லிங்க்ட்இன் கேட்கும் குறைந்தபட்ச அளவான 400க்கு 400கூட வராது. பெரிதாக்கினால் புருவம் மை பூசிய கோடாகிவிடும். மூலப்படத்தில் அதே தலை 500 பிக்சல், சதுரம் 900க்கு அருகில். எடிட்டரின் கை நேர்த்தி இரண்டிலும் ஒன்றே. ஃபைலை மெயிலில் நேராக இணைத்தாலோ, வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினாலோ மூலம் அப்படியே வந்து சேரும். அப்படி வரும் ஃபைலில் எடுத்த இடத்தின் விவரமும் ஒட்டிக்கொண்டு வரலாம் என்பதால், எடுக்கும் முன் கேமராவில் லொகேஷனை அணைத்துவிடுங்கள்.

செல்ஃபி மட்டும் வேண்டாம். போன் முகத்துக்கு அருகில் இருந்தால் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் விழும். 5 அடியில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில் ஆண்களின் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவ ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இதை எடிட்டிங்கில் அமுக்கிச் சரிசெய்யப் பார்த்தால் ஆள் மாறிவிடுகிறது. போர்ட்ரெய்ட் மோடும் பியூட்டி மோடும் அணைந்திருக்கட்டும். போர்ட்ரெய்ட் மோடு கண்ணாடிக் காம்பையும் காதோர முடியையும் பின்னணியோடு சேர்த்து மங்கலாக்கிவிடும். பியூட்டி மோடு தோலின் நுண்துளைகளை அழித்துவிடும். அப்படி வந்த ஃபைலில் போன் அழித்ததை எடிட்டரால் திரும்பக் கொண்டுவர முடியாது.

காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், நேர்வெயில் விழாத ஜன்னலைப் பார்த்து மூன்றடி தள்ளி நில்லுங்கள். அறை விளக்குகள் அணைந்திருக்கட்டும். முகத்தை டிஷ்யூவால் ஒற்றிக்கொள்ளுங்கள். அறைத் தோழரை ஐந்தடி தூரத்தில் நிறுத்தி, பின்பக்கக் கேமராவை 2எக்ஸில் வைத்து, கண் மட்டத்தில் பிடிக்கச் சொல்லி, இடுப்புக்கு மேல் மட்டும் விழும்படி இருபது படம் எடுக்கச் சொல்லுங்கள். அவ்வளவு இடமில்லாத அறையென்றால் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியின் நிழலே போதும்.

கோட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேறொருவர் படத்திலிருந்து எடுத்த கோட்டில் வெளிச்சம் வேறு திசையிலிருந்து விழுந்திருக்கும், தோள் சாய்வு பொருந்தாது, தாடையின் நிழல் காலரில் விழாது. பார்த்தவுடன் ஒட்டு என்று தெரிந்துவிடும். தேய்த்த சட்டை, நேரான காலர் போதும், பெங்களூரு ஐ.டி. வேலைகளுக்குக் கோட்டே தேவையில்லை என்பது என் கருத்து.

இதையெல்லாம் சேர்த்து அந்த மெயிலைத் திரும்ப எழுதினால் இப்படி வரும்:

“வணக்கம் சார். லிங்க்ட்இனுக்கும் ரெஸ்யூமேவுக்கும் ஒரு ஹெட்ஷாட் வேண்டும். மூன்று மூலப்படங்களை இணைத்திருக்கிறேன். இரண்டாவதை எடிட் செய்யலாம் என்று நினைக்கிறேன், உங்களுக்கு வேறு நன்றாகத் தெரிந்தால் சொல்லுங்கள். என் நிறம் எப்படி என்று தெரிய, வெளியில் நிழலில் எடுத்த படம் ஒன்றும் தனியாக இருக்கிறது. தாடையில் உள்ள பருவை எடுத்துவிடுங்கள். கண்ணடிக் கருமையைப் பாதி குறைத்தால் போதும். இடது கன்ன மச்சமும் விபூதியும் இருக்கட்டும். நிறத்தையும் முக அமைப்பையும் மாற்ற வேண்டாம். பின்னணி வெளிர் சாம்பலாக இருக்கலாம். 1000க்கு 1000 பிக்சல், எஸ்.ஆர்.ஜி.பி. ஜேபெக். எவ்வளவு ஆகும், எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது. வேலை முடிந்ததும் படங்களை அழித்துவிட வேண்டுகிறேன்.”

இதில் எஸ்.ஆர்.ஜி.பி. என்பது திரைகளும் இணையதளங்களும் வழக்கமாகப் பயன்படுத்தும் நிற அமைப்பு. ஆதார் நகல், ரெஸ்யூமே எதையும் மெயிலோடு இணைக்க வேண்டாம். எடிட்டருக்கு அவை தேவையே இல்லை.

படம் திரும்பி வந்ததும் போனின் நைட் லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். அது எரிந்தால் எல்லா முகமும் மஞ்சளாகத்தான் தெரியும். பெரிதாக்கிக் கன்னத்தில் தோலின் துளைகள் தெரிகின்றனவா, பல் சட்டையைவிட வெள்ளையாக இருக்கிறதா, காதும் முகமும் ஒரே நிறமா என்று பாருங்கள். பிறகு லிங்க்ட்இன் காட்டுவது போல வட்டத்துக்குள் சின்னதாக வைத்துப் பாருங்கள், உச்சந்தலை வெட்டுப்பட்டிருக்கலாம். இந்தப் படத்தை பாஸ்போர்ட்டுக்கும் அரசுத் தேர்வு விண்ணப்பங்களுக்கும் போடாதீர்கள். அங்கே கேட்பது திருத்தம் செய்யாத படம்; அளவும் பின்னணியும் அந்தந்த அறிவிப்பில் இருக்கும். அங்கே படத்தை நீங்களே தர வேண்டியிருந்தால் தனியாக ஸ்டுடியோவில் எடுத்துக்கொள்ளுங்கள்.