ஈயம் பூசிய பிறகும் ரசம் கசந்தது

"ஈயம் தேஞ்சு போச்சு தம்பி. அதான் ரசத்துல பித்தளை வாடை அடிக்குது" என்றார் ஆச்சி. பள்ளத்தூர் பக்கத்து ஊர்க்காரர், வயது 68, இருபது வருடச் சர்க்கரை நோய். அரிப்புக்காகத்தான் காரைக்குடியில் என்னிடம் வந்திருந்தார். ரசத்தின் பேச்சு நடுவில் தானாக வந்தது. முதலில் பாத்திரத்துக்கு ஈயம் பூச ஆள் கூப்பிட்டிருக்கிறார்கள். வாடை போகவில்லை. எவர்சில்வருக்கு மாறினார்கள், அப்புறம் மண்சட்டிக்கு. எதில் வைத்தாலும் அதே ருசி. சமையல்கார அம்மாவுக்கு அதிலே மனத்தாங்கல் வேறு.

"காலைல பல் தேய்க்கிறப்பவே குமட்டுதா ஆச்சி?" என்று கேட்டேன். மகள் முந்திக்கொண்டார். "ஆமா டாக்டர். ஆத்தா கோழிக்குழம்பு வாசம் வந்தா எந்திரிச்சு வளவுக்குப் போயிடுறாக. முன்ன அவுகளுக்கு அதுதான் உசுரு." கேட்டதுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. முற்றிய சிறுநீரகச் செயலிழப்பில் முதலில் வெறுத்துப்போவது பெரும்பாலும் கறியும் மீனும்தான். சோறும் மோரும் இறங்கும், கறி இறங்காது.

அரிப்புக்கு நான்கு மாதமாக வைத்தியம் நடந்திருந்தது. களிம்பு இரண்டு வகை, இரவில் செட்ரிசின், குளிக்கும் தண்ணீரில் கிருமிநாசினி, வேப்பிலை மஞ்சள் பற்று. குமட்டலுக்குப் பித்தம் என்று பெயர் வைத்துச் சுக்குத் தண்ணீர். வாய்க்கசப்புக்குப் பாத்திரம். ஒரே நோயை மூன்று பங்காகப் பிரித்து, மூன்று இடத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிறுநீரகம் கெட்டிருப்பது வீட்டுக்குத் தெரியாத விஷயம் இல்லை. இரண்டு வருடமாகத் தெரியும். ஆனால் யாரும் பதறவில்லை, அதற்குக் காரணம் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள். ஆறு வாரத்துக்கு முன் யூரியா 148, கிரியாட்டினின் 5.6. இப்போது யூரியா 112, கிரியாட்டினின் 5.2. சிங்கப்பூரில் இருக்கும் மகன் போனில் கேட்டார்: "ரெண்டுமே குறைஞ்சிருக்கே டாக்டர், அப்ப ஆத்தாளுக்குத் தேவலைதானே?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

யூரியா என்பது நாம் சாப்பிடும் புரதம் உடலில் செரித்து மிஞ்சும் கழிவு. சாப்பாடு குறைந்தால் அது தானாகக் குறையும். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்தால் அதுவும் இறங்கும். ஆச்சியின் எடை அந்த ஆறு வாரத்தில் 54 கிலோவிலிருந்து 49-க்கு வந்திருந்தது. காலில் வீக்கமும் இருந்ததால், கரைந்த சதை ஐந்து கிலோவுக்கும் மேல் என்றுதான் கணக்கு. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. சிறுநீரகம் தேறி எண்கள் குறையவில்லை, மனுஷி சாப்பிடாததால் குறைந்தது.

கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்ப்பதில் இன்னொரு பொறியும் உண்டு. 35 வயது ஆணுக்கு 5.2 இருந்தால், வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும்போது சிறுநீரக வடிகட்டும் திறன் சுமார் 14 வரும். அதே 5.2 இந்த ஆச்சிக்கு வெறும் 8. சீட்டில் இ.ஜி.எஃப்.ஆர் என்று போட்டிருப்பது இந்த எண்தான். 15-க்குக் கீழே போனால் கடைசிக் கட்டம். சதை கரைந்த உடம்புக்கு அந்த 8-கூடத் தாராளமான மதிப்பீடுதான்.

சரி, வாயில் ஏன் பித்தளை ருசி? ரத்தத்தில் தேங்கும் யூரியா எச்சிலிலும் கலக்கிறது. வாயில் இருக்கும் கிருமிகள் அதை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. பக்கத்தில் உட்கார்ந்தால் மூச்சிலேயே அந்த வாடை தெரியும். பித்தளையும் ஈயமும் இதில் நிரபராதி. ஆனால் யூரியா ஒன்றே குற்றவாளி என்றும் எண்ண வேண்டாம். சிறுநீரகம் வெளியேற்றாமல் விட்ட இன்னும் பல கழிவுகள் மூளையின் வாந்தி மையத்தையும் பசியையும் குடல் அசைவையும் கெடுக்கின்றன. ரத்தத்தில் அமிலம் கூடுவதும் சேர்ந்துகொள்ளும். இந்த மொத்தத்துக்கும் யுரீமியா என்று பெயர்.

அரிப்பின் கதை கொஞ்சம் வேறு. ஆச்சியின் முதுகிலும் கைகளிலும் இருந்தவை நகக்கீறல்கள் மட்டுமே. கை எட்டும் இடமெல்லாம் கோடு, எட்டாத நடுமுதுகு சுத்தம். அதாவது தோலில் முதலில் தடிப்பு வந்து அரிக்கவில்லை, அரித்துச் சொறிந்ததில்தான் காயம் வந்தது. விரலிடுக்கில் கொப்புளம் இருந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் நான் சொறிசிரங்கைத் தேடுவேன். கண் மஞ்சளாக இருந்தால் கல்லீரலைப் பார்ப்பேன். இரண்டும் இல்லை. இந்த அரிப்பு பெரும்பாலும் நரம்பின் வழியாக வருவது, கூடவே தோல் வறட்சி. ஒவ்வாமை அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமினுக்கு இதில் பங்கு குறைவு. அதனால்தான் செட்ரிசின் போட்டால் தூக்கம் வருகிறதே தவிர அரிப்பு நிற்பதில்லை. அந்த மாத்திரையும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால் பகலிலும் மந்தம் தங்கிவிடும்.

முதல் வேலையாக மருந்துப் பையைக் கவிழ்க்கச் சொன்னேன். (யார் வந்தாலும் இதைச் செய்வேன். மேசை நிறைந்துவிடும்.) உள்ளே மெட்ஃபார்மின் இருந்தது. பழைய சீட்டை வைத்தே கடையில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். குமட்டல், பசியின்மை, வாயில் உலோக ருசி மூன்றையும் அந்த மாத்திரையே தரக்கூடியது. வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போனபோதே அதை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினேன். இன்சுலின் அளவையும் குறைத்தேன். சிறுநீரகம் பழுதானால் இன்சுலின் உடலில் அதிக நேரம் தங்கும், சாப்பாடும் குறைந்திருக்கிறது, ராத்திரியில் சர்க்கரை படுத்துவிடும்.

ரத்தத்தில் பைகார்பனேட் 15 இருந்தது. 22-க்கு மேல் இருக்க வேண்டும். அதற்கு சோடியம் பைகார்பனேட் மாத்திரை கொடுத்தேன். இதில் சோடியம் இருப்பதால் வீக்கம் கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். மலச்சிக்கலையும் சரிசெய்தேன், அதுவே பாதிக் குமட்டலுக்குக் காரணமாக இருப்பதுண்டு.

அரிப்புக்கு கபாபென்டின் 100 மி.கி., ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில். இந்த அளவைக் கவனியுங்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குக் கால் எரிச்சலுக்காக ஒரு நாளைக்கு 900 மி.கி. கூடக் கொடுப்பார்கள். அதே அளவை யாரோ சொல்லி வாங்கிப் போட்ட ஒரு பெரியவரை, கை உதற, வாய் குழற, வாசலில் விழுந்த நிலையில் எங்களிடம் தூக்கிவந்திருக்கிறார்கள். பக்கவாதம் என்று நினைத்து வந்தார்கள். மருந்து உடம்பில் தேங்கியிருந்தது, அவ்வளவுதான். டயாலிசிஸ் செய்ததும் தெளிந்தார்.

தோலுக்கு நான் சொன்னவை சாதாரணமானவை: கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதும் கிருமிநாசினியும் வேண்டாம், கடலைமாவு தேய்த்தால் இன்னும் வறளும். வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து, ஈரம் முழுதாகக் காயும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவ வேண்டும். காய்ந்த பிறகு தடவினால் பலன் பாதிதான். ரத்தத்தில் பாஸ்பரஸ் கூடியிருந்தால் அதையும் இறக்க வேண்டும். அதற்கான மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால்தான் வேலை செய்யும், வெறும் வயிற்றில் விழுங்கினால் வீண்.

சாப்பாட்டில் ஆச்சிக்கும் எனக்கும் வழக்கு. வாய் செத்துப்போனதால் அவருக்குப் புளிப்பும் உப்பும்தான் கேட்டது. மண்டி வேண்டும், வத்தல் வேண்டும், மாவடு வேண்டும். புளியில் பொட்டாசியம் அதிகம், மற்றதில் உப்பு. நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறுக்குச் சம்மதித்தேன். சாப்பிடுமுன் ஒரு தம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா கலந்து வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னேன், விழுங்கக் கூடாது. கறி வாசம் ஆகாதென்றால் அவித்த முட்டை வெள்ளைக்கரு, ஆறிய பிறகு. சூடு தணிந்த சாப்பாட்டில் வாடை குறைவு. ஒரே வேளையில் இலை நிறைய வைப்பதை விட்டு, வெள்ளைப்பணியாரம் இரண்டு, இரண்டு மணி நேரம் கழித்து இடியாப்பம் ஒன்று என்று பிரித்துக் கொடுத்தார்கள். "கிட்னிக்குப் புரதமே ஆகாது" என்று ஏற்கெனவே இளைத்தவரைப் பட்டினி போடுவதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

இரண்டு வாரத்தில் குமட்டல் சற்றுத் தணிந்தது. மெட்ஃபார்மின் நின்றதன் பலன் என்று நினைக்கிறேன். ஆனால் எடை 48. ருசி திரும்பவில்லை. மருந்தால் இழுக்கக்கூடிய தூரம் அங்கே முடிந்தது, டயாலிசிஸ் ஆரம்பிக்கலாம் என்றேன்.

எண்ணைப் பார்த்து மட்டும் நான் இதைச் சொல்வதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, வடிகட்டும் திறன் 10 முதல் 14-க்குள் இருக்கும்போதே டயாலிசிஸைத் தொடங்கியவர்களையும், தொந்தரவு வரும்வரை அல்லது 5 முதல் 7 வரை இறங்கும்வரை காத்தவர்களையும் ஒப்பிட்டது. ஆயுளில் வித்தியாசம் இல்லை. ஆகவே நன்றாகச் சாப்பிட்டு நடமாடுகிற ஒருவரை 9 வந்துவிட்டது என்று அவசரப்படுத்தத் தேவையில்லை. ஆனால் சாப்பாடு நின்று எடை இறங்கினால் அதுதான் மணி அடிக்கும் நேரம். அரிப்பு மட்டும் இருந்தால் பெரும்பாலும் காக்கலாம். விடாத விக்கல், பகலில் தூங்கி இரவில் விழிப்பது, நீட்டிய கை பறவைச் சிறகுபோல் அடிப்பது, படுத்தால் கூடி நிமிர்ந்து உட்கார்ந்தால் குறையும் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

ஒரு வருடத்துக்கு முன் வந்தபோதே, டயாலிசிஸ் ஊசி குத்தத் தோதாகக் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா போடச் சொல்லியிருந்தேன். அது ஊசி குத்தத் தயாராக இரண்டு மாதமாவது ஆகும். பேத்தி கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டார்கள். அதனால் கழுத்தில் குழாய் வைத்துத்தான் தொடங்க வேண்டியிருந்தது, கிருமித் தொற்று பயத்தோடு. முதல் நாள் இரண்டு மணி நேரம் மட்டும். கழிவை ஒரே மூச்சில் இறக்கினால் மூளையில் நீர் கோத்துத் தலைவலி, வாந்தி, வலிப்பு வரலாம். அடுத்த முறை மூன்று மணி, பிறகு வாரம் மூன்று நாள் நான்கு மணி.

மகனிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லியிருந்தேன்: இனி ஆத்தா நன்றாகச் சாப்பிட்டால், டயாலிசிஸுக்கு முந்தைய யூரியா கூடலாம், பயப்படாதீர்கள். நான்காவது வாரம் 131 வந்தது. எடை 50. இந்த முறை 131 நல்ல செய்தி.

குமட்டல் பத்து நாளில் போனது. மூன்றாவது வாரத்தில் ஆச்சி மிளகு ரசம் கேட்டார், பரணில் ஏற்றிய பித்தளைப் பாத்திரம் இறங்கியது. அரிப்பு மட்டும் அத்தனை சுலபத்தில் விடவில்லை. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் பலரிடம் அது தங்கிவிடுகிறது. கபாபென்டினை டயாலிசிஸ் முடிந்த மூன்று இரவுகளுக்கு மாற்றினேன், இரண்டாவது மாதம் பாதி குறைந்தது. போன வாரம் வந்தபோதும் இடது தோளைச் சொறிந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தார். "இது போகாதா தம்பி?" என்றார். "முழுசாப் போகும்னு என்னால சொல்ல முடியாது ஆச்சி. ராத்திரி தூக்கம் வருதா?" என்றேன். "அது வருது" என்றார்.