48 மெகாபிக்சலில் நிஜம் எவ்வளவு? சாய்ந்த விளிம்பில் ஒரு கணக்கு

"என் போனில் 48 மெகாபிக்சல் கேமரா. ஆனால் 12 மெகாபிக்சலில் எடுத்த படமும் அதே மாதிரிதான் இருக்கிறது. அப்படியானால் மீதி 36 எங்கே போனது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

மெகாபிக்சல் என்பது புள்ளிகளின் எண்ணிக்கை மட்டுமே. அந்தப் புள்ளிகளுக்கு லென்ஸ் எவ்வளவு நுணுக்கத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பது தனிக் கதை. அதை அளக்க வெள்ளைத் தாளில் ஒரு கறுப்புச் சதுரம் போதும். அதைச் சற்றே சாய்த்து வைக்க வேண்டும். ISO 12233 என்ற பன்னாட்டுத் தரநிலையில் உள்ள முறைதான் இது.

ஏன் சாய்க்க வேண்டும்? எந்த லென்ஸிலும் கறுப்பு சட்டென்று வெள்ளையாகிவிடாது. இரண்டு மூன்று பிக்சல் அகலத்துக்குச் சாம்பலாக மாறித்தான் போகும். அந்த மாற்றத்தின் வடிவம்தான் நமக்கு வேண்டும். விளிம்பு நேர்செங்குத்தாக நின்றால் அந்த அகலத்தில் கிடைப்பவை இரண்டு மூன்று எண்கள். அடுத்த வரிசையிலும் அதே எண்கள். ஆயிரம் வரிசை இருந்தாலும் புதிதாக ஒன்றும் தெரியாது.

5 பாகை சாய்த்துவிட்டால் ஒவ்வொரு வரிசையிலும் விளிம்பு 0.0875 பிக்சல் தள்ளி விழும். 5 பாகையின் டேன் மதிப்பு அதுதான். ஒரு முழு பிக்சல் நகர ஏறத்தாழ 11 வரிசைகள் ஆகும். அதாவது ஒவ்வொரு வரிசையும் அதே மங்கலை, பிக்சலின் வேறொரு இடத்திலிருந்து பார்க்கிறது. பள்ளி ஆய்வகத்து வெர்னியர் அளவுகோல் செய்யும் வேலைதான்: கோடுகள் சிறிது சிறிதாக விலகிப்போவதால், மில்லிமீட்டர் கோட்டுக்குள்ளேயே அளக்க முடிகிறது.

இனி மென்பொருளின் வேலை. விளிம்பின் நேர்கோட்டைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு பிக்சலும் அதிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கணக்கிட்டு, கால் பிக்சல் அகலப் பெட்டிகளில் மதிப்புகளைப் போடும். 100 வரிசை உயரமுள்ள பகுதியை எடுத்தால் ஒரு பெட்டிக்குச் சுமார் 25 மதிப்புகள் சேரும். சராசரி எடுக்கும்போது இரைச்சல் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சென்சார் பிக்சலை விட நான்கு மடங்கு நெருக்கமான வளைவு, கூடுதல் கருவி எதுவும் இல்லாமலே கிடைக்கிறது! 45 பாகை சாய்த்தால் இது நடக்காது. ஒரு வரிசைக்கு ஒரு முழு பிக்சல் நகர்ந்து, பழைய எண்களே திரும்பத் திரும்ப வரும்.

அந்த வளைவை வகையீடு செய்து ஃபூரியே உருமாற்றம் எடுத்தால், கறுப்பு வெள்ளைக் கோடுகள் நெருங்க நெருங்க அவற்றுக்கிடையிலான மாறுபாடு எப்படிக் குறைகிறது என்று தெரியும். மாறுபாடு பாதியாகும் இடத்துக்கு MTF50 என்று பெயர். MTF Mapper என்ற இலவச மென்பொருள் இதையெல்லாம் செய்துவிடும்.

வீட்டில் செய்ய, லேசர் பிரிண்டரில் முழுக் கறுப்பாகச் சதுரத்தை அச்சிடுங்கள். சாம்பல் நிறம் வேண்டாம். பிரிண்டர் அதைப் பொடிப் புள்ளிகளாகத்தான் போடும். தாளிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி, போனை ஸ்டாண்டில் பொருத்தி, டைமர் வைத்து எடுங்கள். 600 டிபிஐ பிரிண்டரின் ஒரு புள்ளி 0.04 மி.மீ. அந்தத் தொலைவில் 12 மெகாபிக்சல் படத்தின் ஒரு பிக்சல் தாளில் சுமார் அரை மி.மீ. பிடிக்கும். எனவே பிரிண்டரின் பிசிறு கணக்கில் வராது. 30 செ.மீ.க்கு நெருங்கினால் கேமராவோடு பிரிண்டரையும் சேர்த்தே அளக்கிறீர்கள். வெளிச்ச அளவைக் குறைத்து, வெள்ளைத் தாள் இளஞ்சாம்பலாகத் தெரியும்படி வையுங்கள். வெள்ளை எல்லையை முட்டினால் வளைவின் மேல்முனை வெட்டுப்பட்டு, கூர்மை பொய்யாக ஏறும்.

பெரிய பொய் வேறு இடத்தில் இருக்கிறது. போனின் JPEG படத்தில் விளிம்புகளைச் செயற்கையாகக் கூராக்கியிருப்பார்கள். மாறுபாட்டைக் காட்டும் வளைவு 1-ஐத் தாண்டி மேலே எழும்பினால் அதுதான் அடையாளம். எந்த லென்ஸும் மாறுபாட்டைக் கூட்டித் தராது. அப்படிக் கிடைக்கும் MTF50 எண்ணை நம்பி போன்களுக்குத் தரவரிசை போடுவது ஜாதகப் பொருத்தம் பார்ப்பதற்குச் சமம். சென்சாரின் மூலத் தரவைத் தாங்கும் DNG கோப்பில் எடுத்து, பச்சை பிக்சல்களை மட்டும் அளப்பதே சரி.

வாசகரின் கேள்விக்கு ஒரு மாதிரிக் கணக்கு. 12 மெகாபிக்சல் படத்தின் உயரம் 3000 பிக்சல், MTF50 பிக்சலுக்கு 0.25 சுற்று என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் படத்தின் உயரத்தில் 750 சுற்றுகள், அதாவது 750 கறுப்பு வெள்ளை இணைகள். 48 மெகாபிக்சலில் உயரம் 6000, MTF50 0.13-ஆக இறங்கினால் 780 இணைகள். கோப்பில் நான்கு மடங்கு புள்ளிகள், நுணுக்கத்தில் 4 சதவீத லாபம். லென்ஸ் ஈடுகொடுத்து 0.25-லேயே நின்றிருந்தால் 1500 வந்திருக்கும். இரண்டு முறையிலும் ஒரே இடத்தில் நின்று எடுத்து, உங்கள் போனின் எண்களை இதில் போட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு சதுரம், மூலையில் ஒரு சதுரம் என்று வையுங்கள். நடுவில் கிடைக்கும் லாபம் மூலையில் காணாமல் போகலாம்.

இந்தச் சோதனைக்குப் புல்லும் தலைமுடியும் தெரியாது. இரைச்சல் நீக்கும் மென்பொருள் விளிம்பை விட்டுவைத்து, அவற்றை மட்டும் மெழுகிவிடக்கூடும். MTF50 அப்போதும் நன்றாகவே வரும். அதை அளக்க, தாறுமாறாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்த வட்டங்கள் கொண்ட வேறொரு அட்டை வேண்டும்.