விளைச்சல் இடைவெளியைப் பிரித்து அறிதல்: உளுந்தும் நிலக்கடலையும்

பயறு வகைகளிலும் எண்ணெய் வித்துகளிலும் விளைச்சல் ஏன் குறைகிறது என்று கேட்டால், மானாவாரிச் சாகுபடி, வளம் குன்றிய மண், தரமான விதை கிடைக்காமை, பூச்சி, நோய் என்று ஒரு பட்டியலை எவரும் எழுதிவிடலாம். அந்தப் பட்டியலில் தவறு எதுவும் இல்லை என்றாலும், ஒரு குறிப்பிட்ட வயலில் இவற்றுள் எது எவ்வளவு இழப்பை உண்டாக்கியது என்பதை அது சொல்வதில்லை. விளைச்சல் இடைவெளி என்ற கருத்து பயன்படுவது அந்த இடத்தில்தான்.

இந்த இடைவெளியை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். ஒரு இரகத்தின் உள்ளார்ந்த விளைதிறனுக்கும், பரிந்துரைக்கப்பட்ட முறைகளின்படி உழவர் நிலத்தில் அமைக்கப்பட்ட செயல்விளக்கத் திடலின் விளைச்சலுக்கும் உள்ள வேறுபாடு தொழில்நுட்ப இடைவெளி எனப்படும். செயல்விளக்கத் திடலுக்கும் உழவரின் வழக்கமான சாகுபடிக்கும் உள்ள வேறுபாடு விரிவாக்க இடைவெளி எனப்படும். முதலாவது பெரும்பாலும் மண், மழை, தட்பவெப்பம் ஆகியவற்றின் வேறுபாட்டால் வருவது. இரண்டாவது சாகுபடி முறைகளால் வருவது என்பதால் அதைக் குறைக்க முடியும்.

கணக்கைப் புரிந்துகொள்வதற்காக உளுந்தில் ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் உள்ள செடிகள், ஒரு செடியில் உள்ள காய்கள், ஒரு காயில் உள்ள விதைகள், ஒரு விதையின் எடை ஆகிய நான்கையும் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் விளைச்சல் கிடைக்கும். விளைதிறன் முழுமையாக வெளிப்படும் நிலையில் 33 செடிகள், 20 காய்கள், 6 விதைகள், 100 விதைகளின் எடை 4.5 கிராம் என்று கொண்டால் எக்டருக்கு 1782 கிலோ வருகிறது. செயல்விளக்கத் திடலில் 28 செடிகள், 16 காய்கள், 6 விதைகள், 4.2 கிராம் என்றால் ஏறத்தாழ 1129 கிலோ. உழவரின் வயலில் 20 செடிகள், 12 காய்கள், 5.5 விதைகள், 4.0 கிராம் என்றால் 528 கிலோ. ஆகவே தொழில்நுட்ப இடைவெளி 653 கிலோ, விரிவாக்க இடைவெளி 601 கிலோ.

இந்த 601 கிலோவை நான்கு கூறுகளுக்கும் பங்கிடலாம். செயல்விளக்கத் திடலின் விளைச்சல் உழவர் வயலைப்போல 2.14 மடங்கு; அந்த மடங்கு 1.40, 1.33, 1.09, 1.05 என்ற நான்கு விகிதங்களின் பெருக்கல். பெருக்கலை மடக்கையால் கூட்டலாக மாற்றிப் பார்த்தால், இடைவெளியில் ஏறத்தாழ 44 விழுக்காடு செடி எண்ணிக்கையாலும், 38 விழுக்காடு காய் எண்ணிக்கையாலும் வருகிறது. காயில் உள்ள விதைகளும் விதையின் எடையும் சேர்ந்து எஞ்சிய 18 விழுக்காட்டுக்குத்தான் பொறுப்பு. விதையின் பருமன் பெரிதும் இரகத்தின் பண்பு என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே.

ஆனால் இந்த விழுக்காடுகளை அப்படியே ஏற்பது பிழையாகும். செடிகள் நெருக்கமின்றி நின்றால் ஒவ்வொரு செடிக்கும் ஒளியும் இடமும் கூடுதலாகக் கிடைத்து, கிளைகளும் காய்களும் பெருக வேண்டும். மேற்கண்ட வயலில் செடிகள் குறைந்ததோடு, ஒரு செடியின் காய்களும் குறைந்துள்ளன. அதாவது, கிடைத்திருக்க வேண்டிய ஈடுகட்டலையும் வேறு ஏதோ ஒன்று விழுங்கியிருக்கிறது. காய் இழப்பின் உண்மையான பங்கு 38 விழுக்காட்டைவிட அதிகம் என்றே கொள்ள வேண்டும்.

செடி எண்ணிக்கையை முதலில் பார்ப்போம். எக்டருக்கு 20 கிலோ விதைத்தால், 100 விதைகள் 4 கிராம் என்ற கணக்கில், சதுர மீட்டருக்கு 50 விதைகள் விழுகின்றன. அவற்றில் 20 மட்டுமே செடியாக நிலைத்தன என்றால், குறை விதை அளவில் இல்லை. இங்கே விதையைக் கூட்டிப் போடுவது செலவைத்தான் கூட்டும். விதைத்த சுமார் 15 நாட்களில், இடைவெளி விழுந்த இடங்களைத் தோண்டிப் பார்த்தால் காரணம் தெரியும். விதை முளைக்காமல் உலர்ந்து கிடந்தால், ஈரம் இறங்கிய பிறகு விதைத்ததோ விதை மேலாக விழுந்ததோ காரணம். ஈரம் போதுமானதாக இருந்தும் முளைக்கவில்லை என்றால் விதையின் முளைப்புத்திறனைச் சோதிக்க வேண்டும். முளைத்த நாற்று வேர் கறுத்துச் சாய்ந்திருந்தால் அது வேரழுகல். விதை நேர்த்தி செய்யப்படாத வயல்களில் இது மிகுதி.

காய் குறைவுக்கும் செடியே சான்று வைத்திருக்கிறது. பயறு வகைச் செடிகள் பூக்கும் பூக்களில் பெரும்பகுதியை, நல்ல நிலையிலும்கூட, உதிர்த்துவிடுகின்றன. எனவே பூ நிறைந்திருப்பதைக் கண்டு விளைச்சலை மதிப்பிடக் கூடாது. பூங்காம்பில் உதிர்ந்த தழும்புகள் நிறைய இருந்து காய்கள் குறைவாக இருந்தால், பூக்கும் பருவத்தில் நீர்ப்பற்றாக்குறையோ மிகுவெப்பமோ ஊட்டக்குறைவோ ஏற்பட்டிருக்கலாம். இத்தகைய வயலுக்குத்தான் பூக்கும் பருவத்தில் 2 விழுக்காடு டி.ஏ.பி. கரைசலைத் தெளிக்கும் பரிந்துரை பொருந்தும். பூங்காம்புகளே குறைவாக இருந்து, இலைகளில் மஞ்சள் திட்டுகள் பரவியிருந்தால், அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய். இளம் பருவத்தில் தாக்கப்பட்ட செடி ஏறக்குறைய எதுவும் தராது. அங்கே இலைவழி ஊட்டம் பயன் தராது, எதிர்ப்புத்திறன் கொண்ட இரகமே தீர்வு. வேர் முடிச்சுகளையும் வெட்டிப் பார்ப்பது நல்லது. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து நிலைநிறுத்தம் நடக்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சுகளால் பயனில்லை.

நிலக்கடலையில் இதே கணக்கு ஓரிடத்தில் மாறுகிறது. காய்களை எண்ணினால் போதாது. உள்ளே பருப்பு நிறைந்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும். பூத்தபின் மண்ணுக்குள் இறங்கும் விழுது, தன் காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தைச் செடியிடமிருந்து போதிய அளவு பெறுவதில்லை. இலைக்குச் சென்ற சுண்ணாம்புச்சத்து மீண்டும் கீழிறங்கிக் காய்க்கு வராது. வளரும் காய் அதைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக உறிஞ்ச வேண்டும். மேல்மண்ணில் அது குறைந்தாலோ, மண் வறண்டு கரைய முடியாமல் போனாலோ, செடி பசுமையாகத் தழைத்திருக்க, காய்கள் பொக்காகிவிடும். பருப்பைப் பிளந்தால் முளைக்குருத்து கறுத்திருப்பது இக்குறைக்கு அடையாளம். விதைத்த 40 முதல் 45 நாட்களில் எக்டருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பதன் நோக்கம் இதுதான். விழுது இறங்கி முடிந்தபின் மண் அணைத்தால் விழுதுகள் அறுபடும் என்பதால், தாமதம் நன்மையைவிடத் தீமையே செய்யும்.

இத்தனையும் சரிசெய்தாலும் நிலக்கடலையின் விளைச்சலைத் தானியத்தின் விளைச்சலோடு கிலோவுக்குக் கிலோ ஒப்பிடுவது நியாயமாகாது. ஒரு கிராம் குளுக்கோசிலிருந்து ஏறத்தாழ 0.83 கிராம் மாவுச்சத்தோ, 0.40 கிராம் புரதமோ, 0.33 கிராம் கொழுப்போதான் உருவாக முடியும் என்று 1975-இல் சின்கிளேரும் டி விட்டும் கணக்கிட்டனர். பாதியளவு எண்ணெயும் கால்பங்கு புரதமும் கொண்ட நிலக்கடலைப் பருப்பு, ஒரு கிராம் குளுக்கோசுக்குச் சுமார் 0.43 கிராம்தான் தேறும், தானியமோ 0.75 கிராம் வரை தேறும். பயறு வகைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. விதைக்குத் தேவையான தழைச்சத்து வேரிலிருந்து போதிய வேகத்தில் வராதபோது, செடி தன் இலைகளில் உள்ளதையே எடுத்து விதைக்கு அனுப்புகிறது; இலைகள் முன்னதாகவே பழுத்து, காய் நிரம்பும் காலம் சுருங்குகிறது. இந்தக் குறைவு விளைதிறனுக்குள்ளேயே அடங்கியிருப்பது. அதை உழவர் வயலின் இடைவெளியாக எழுதக் கூடாது.

அதேபோல, மானாவாரி வயலை அளக்கும்போது ஒப்பிடும் விளைதிறன் எந்த நீர்நிலையில் பெறப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். பாசன வசதியுள்ள ஆய்வுத் திடலின் 1782 கிலோவை வைத்துக் கழித்தால், கிடைக்கும் இடைவெளியில் பெய்யாத மழையின் பங்கும் கலந்திருக்கும். அந்த ஆண்டின் மழையைக் கொண்டு மதிப்பிட்ட, நீரால் வரையறுக்கப்பட்ட விளைதிறனைக் கண்டு அதிலிருந்து கழித்தால்தான், எஞ்சும் தொகை சாகுபடி முறையால் ஏற்பட்டது என்று சொல்ல இடமுண்டு.