மூன்று நாள் குளோரோகுயின் போட்டும் காய்ச்சல் திரும்பி வந்தது ஏன்?

கொழிஞ்சாம்பாறையில் லேபில் வேலை பார்க்கிறேன். கஞ்சிக்கோடு கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசா பையன் ஒருவன் குளிர்காய்ச்சலோடு வந்தான். பத்துப் பதினைந்து நாளுக்கு முன்பே காய்ச்சல் வந்து, அறை நண்பன் மிச்சம் வைத்திருந்த குளோரோகுயினை மூன்று நாள் போட்டிருக்கிறான், குறைந்த மாதிரி இருந்து மறுபடி ஏறிவிட்டது. ரத்தத்தை ஜீம்சா சாயம் போட்டுப் பார்த்தால் ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணியின் மோதிர வடிவங்கள், கூடவே வாழைப்பழ வடிவத்தில் இரண்டு, நடுவில் பழுப்புத் துகளோடு.

அந்தப் பழுப்புத் துகளில்தான் விஷயமே இருக்கிறது. ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் உட்கார்ந்து ஹீமோகுளோபினை விழுங்கி, அமிலம் நிறைந்த உணவுக் குமிழிக்குள் செரிக்கிறது. புரதத்தைத் தின்றதும் இரும்பு உள்ள ஹீம் என்ற பகுதி மிஞ்சும், அது தனியே கிடந்தால் ஒட்டுண்ணிக்கே விஷம். அதனால் அதைப் படிகமாக்கி ஒதுக்கி வைக்கிறது, அந்தப் படிகம்தான் நாம் பார்க்கும் துகள், ஹீமோசோயின்.

குளோரோகுயின் ஒரு காரம். அமிலக் குமிழிக்குள் நுழைந்ததும் மின்னேற்றம் பெற்று வெளியே வர முடியாமல், வெளியே இருப்பதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் சேர்ந்துவிடும். அங்கே ஹீமோடு ஒட்டிக்கொண்டு படிகம் வளர விடாமல் தடுக்கும், ஒட்டுண்ணி தன் கழிவிலேயே செத்துப்போகும். ஆனால் குமிழியின் சவ்வில் பி.எஃப்.சி.ஆர்.டி என்ற புரதம் மாறிப்போன ஒட்டுண்ணி, உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளிவிடுகிறது. ஃபால்சிபாரத்தில் இது பரவலாகிவிட்டது, அந்தப் பையனுக்கும் இப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். வைவாக்ஸ் மலேரியாவுக்கு நம் நாட்டில் இன்றும் குளோரோகுயின்தான், அதனால்தான் எந்த வகை என்று பார்க்காமல் மாத்திரை போடக் கூடாது என்று சொல்கிறேன்.

ஆர்டிமிசினின் என்ற இன்னொரு மலேரியா மருந்து வேறு வழியில் போகிறது. அதன் மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் சேர்ந்த ஒரு பாலம் உண்டு, ஹீமில் உள்ள இரும்பு பட்டதும் அது உடைந்து, அங்கங்கே உள்ள புரதங்களையெல்லாம் தாக்கும். அதாவது ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைச் செரிக்கச் செரிக்கத்தான் மருந்துக்கு வேலை. கெல்ச்13 என்ற மரபணு மாறிய ஒட்டுண்ணி வகைகள் இளம் மோதிர நிலையில் ஹீமோகுளோபினைக் குறைவாக விழுங்கித் தப்பிப்பது இதனால்தான். அப்புறம், இந்த மருந்து ரத்தத்தில் சில மணி நேரமே தங்கும், அதனால் தனியாகக் கொடுக்கக் கூடாது, மிச்சமிருக்கும் ஒட்டுண்ணிகளை அழிக்க இன்னொரு மருந்து கூட வேண்டும்.

டாக்டர் ஆர்டிமிசினின் வகையான ஆர்ட்டிசுனேட் மூன்று நாள், அதற்குத் துணையாக முதல் நாள் சல்ஃபாடாக்சின்-பைரிமெத்தமின், இரண்டாம் நாள் ஒரே வேளை பிரைமாகுயின் என்று எழுதினார். கொசுவுக்குப் போகும் முதிர்ந்த வாழைப்பழ வடிவம் ஹீமோகுளோபின் செரிப்பதை முடித்துவிட்டிருக்கும், அதனிடம் குளோரோகுயின் எடுபடாது, அதற்காகத்தான் பிரைமாகுயின். அது கொசுவுக்குப் பரவுவதைத் தடுக்கும்.

நான்காம் நாள் ஸ்லைடில் மோதிரம் ஒன்றுகூட இல்லை. வாழைப்பழ வடிவங்கள் மட்டும் இன்னும் நின்றிருந்தன, பிரைமாகுயினுக்குப் பிறகும் சில நாள் அவை கண்ணுக்குத் தெரியும், பரப்பும் சக்தி போயிருக்கும் என்று சொன்ன பிறகுதான் அந்தப் பையன் மூச்சு விட்டான்.