காய்ச்சல் விட்ட இரவும் ஒரு மதிப்பீட்டுப் படிவமும்

பயிற்சி மருத்துவர் ஒருவர் எங்கள் யூனிட்டில் 6 வாரம் முடித்துப் போகும்போது லாக் புக்கில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மருத்துவ அறிவு, முடிவெடுக்கும் திறன், நோயாளியிடம் பேசும் விதம், சொன்னதை ஏற்றுத் திருத்திக்கொள்வது என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். நான் பொது மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியர். பல வருடங்கள் இந்தப் படிவத்தை எப்படி நிரப்பினேன் என்று சொல்கிறேன்: நேரத்துக்கு வந்தாரா, ரவுண்ட்ஸில் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாரா, எல்லாரிடமும் மரியாதையாக நடந்துகொண்டாரா என்று பார்த்துவிட்டு, மேலிருந்து கீழே வரைக்கும் 4 போட்டுக் கையெழுத்து வைத்துவிடுவேன். அப்படி 4 போடத் தயாராக இருந்த ஒரு தம்பியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். நோயாளிகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அது டெங்கு சீசன். முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர், சுமார் 60 கிலோ எடை, ஐந்தாவது நாள் காய்ச்சலோடு வார்டில் இருந்தார். அன்று மாலையோடு காய்ச்சல் விட்டிருந்தது. ராத்திரி பத்து மணிக்கு அவர் மனைவி நம் பயிற்சி மருத்துவரிடம் வந்து, “தம்பி, அவரு அசந்து அசந்து படுக்குறாரு, கூப்பிட்டா சரியா பதில் சொல்ல மாட்டேங்குறாரு” என்றிருக்கிறார். “காய்ச்சல் விட்டுருச்சுல்லம்மா, அசதி இருக்கத்தான் செய்யும். நல்லா தூங்கட்டும், பயப்படாதீங்க” என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். ஒன்றே கால் மணிக்கு நோயாளி இரண்டாவது முறை வாந்தி எடுத்ததும் நர்ஸ் கூப்பிட்டார். இவர் உடனே போனார், தானே நாடி பிடித்தார், தானே பிபி பார்த்தார், வாந்திக்கு ஊசி எழுதினார். கேஸ் ஷீட்டில் இருந்தது இதுதான்: காய்ச்சல் இல்லை, நாடி 116, பிபி 100/82, நிலையாக இருக்கிறார்.

அவர் நிலையாக இல்லை. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். அதையொட்டி வரும் 24 முதல் 48 மணி நேரத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ச்சத்து வெளியே கசியும். கசியும்போது பிபியின் மேல் அளவு உடனே இறங்குவதில்லை. கீழ் அளவுதான் முதலில் மேலே ஏறும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். அந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்து, கை கால் சில்லிட்டிருந்தால், நோயாளி ஷாக்குக்குள், அதாவது உடம்புக்குத் தேவையான ரத்த ஓட்டம் போதாத நிலைக்குள், நுழைந்துவிட்டார் என்று பொருள். 100/82 என்றால் இடைவெளி 18. மாலை வந்த ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி. 46 என்று இருந்தது. சேர்க்கும்போது அது 38. ரத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கெட்டிப்பட்டிருக்கிறது. மதியத்துக்கு அப்புறம் அவர் சிறுநீர் கழிக்கவே இல்லை. அதை யாரும் கேட்கவில்லை, மனைவிக்கு மட்டும் தெரியும்.

மூன்று மணிக்கு அதே நர்ஸ், மனசு கேட்காமல், மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. மருத்துவரை எழுப்பினார். கிலோவுக்கு 10 மில்லி கணக்கில் முதல் ஒரு மணி நேரத்துக்கு 600 மில்லி சலைன் ஏற்றினார்கள். இடைவெளி 30-ஐத் தாண்டியது, கை சூடானது. பிறகு மணிக்கு மணி பார்த்துப் பார்த்து அளவைக் குறைத்தார்கள். நான்காம் நாள் அவர் நடந்து வீட்டுக்குப் போனார்.

காலையில் அந்தக் கேஸ் ஷீட்டைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நல்லவேளையாக அப்போது எதுவும் பேசவில்லை. இரவெல்லாம் விழித்திருந்தவரிடம் காலை ஏழு மணிக்கு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது, திட்டு மட்டும்தான் நினைவில் நிற்கும். மறுநாள் மதியம், அவர் தூங்கி எழுந்து வந்த பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம்.

“அந்த ராத்திரி நடந்ததை நீங்களே முதல்ல சொல்லுங்க” என்றேன். சொன்னார். நாடி, பிபி எல்லாம் சரியாகச் சொன்னார். டெங்குவில் இந்த இடைவெளி சுருங்குவதைப் பற்றிக் கேட்டால் அதையும் சரியாகச் சொன்னார், ரவுண்ட்ஸில் என்னிடமே சொல்லியிருக்கிறார். அறிவில் குறையில்லை. குறை எங்கே என்று தேடினால் இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று, இரண்டு எண்களை எழுதியவர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்க்கவில்லை. காய்ச்சல் இல்லை என்ற ஒரே நல்ல செய்தி மற்றதையெல்லாம் மறைத்துவிட்டது. இரண்டாவது, சந்தேகம் அவருக்கே இருந்தது. “நாடி கொஞ்சம் வேகமா இருக்கேன்னு தோணுச்சு மேடம். பி.ஜி. அப்பதான் படுக்கப் போயிருந்தாங்க. இதுக்குப் போய் எழுப்பணுமான்னு விட்டுட்டேன்.”

ஏன் அப்படித் தோன்றியது என்று விடாமல் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். வந்த முதல் வாரத்தில் ஒரு ராத்திரி, சின்ன விஷயத்துக்காக யூனிட் சீனியர் ஒருவரைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். மறுநாள் வார்டில் நோயாளிகள் முன்னாலேயே, “இதுக்கெல்லாமா கூப்பிடுவ?” என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அதிலிருந்து கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார்.

முடிவெடுக்கும் திறன் என்ற கட்டத்தில் பயிற்சி மருத்துவரிடம் நாம் அளக்க வேண்டியது எதை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெளிவானது. சரியான சிகிச்சையைத் தானே முடிவு செய்கிறாரா என்பது பி.ஜி.க்கான கேள்வி. பயிற்சி மருத்துவருக்கான கேள்வி, இது தன் கைக்கு மீறியது என்று எப்போது உணர்கிறார், உணர்ந்த பிறகு எத்தனை நிமிடத்தில் மேலே சொல்கிறார் என்பது. அந்தத் திறன் ஒருவரிடம் குறைவாக இருப்பதற்கு நாமே காரணமாகவும் இருக்கலாம். அதற்காக அவருக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட முடியாது. நோயாளிக்கு நடந்தது நடந்ததுதான். ஆனால் காரணத்தைப் பக்கத்தில் எழுத வேண்டும், எங்கள் பக்கத்தையும் சரிசெய்ய வேண்டும். அந்த வாரமே வார்டில் ஒரு தாள் ஒட்டினோம். பிபி இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, “ஆள் மாறிட்டாரு” என்று நர்ஸோ கூட இருப்பவரோ சொல்வது: இதில் எது நடந்தாலும் எந்த நேரமானாலும் கூப்பிட வேண்டும், கூப்பிட்டவரை யாரும் கடிந்து பேசக்கூடாது.

நோயாளியிடம் பேசும் விதத்துக்கு வருகிறேன். இந்தத் தம்பி வார்டில் எல்லாருக்கும் பிடித்தவர். கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசுவார், பெரியவர்களை ஐயா, அம்மா என்றுதான் கூப்பிடுவார். அதை வைத்தே நான் 4 போட்டிருப்பேன். ஆனால் பத்து மணிக்கு அந்த அம்மா சொன்னது புகார் இல்லை, நோய் அறிகுறி. டெங்குவில் சோர்ந்து கிடப்பது எச்சரிக்கை அறிகுறிகளில் ஒன்று. இனிமையாகப் பேசியே அதை மூடிவிட்டார். “எப்பலேர்ந்தும்மா இப்படி இருக்காரு? கடைசியா எப்ப யூரின் போனாரு?” என்று திருப்பிக் கேட்டிருந்தால் மூன்று மணி வரை போயிருக்காது. முடிவெடுத்ததில் வந்த பிழையும் பேச்சில் வந்த பிழையும் இந்த ஒரு இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. படிவத்தில்தான் அவை தனித்தனிக் கட்டங்கள்.

இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். 1995-இல் அமெரிக்காவில் ஜான் நார்சினியும் அவரது சகாக்களும் மினி சி.இ.எக்ஸ் என்ற முறையைப் பற்றி எழுதினார்கள். மேற்பார்வையாளர் ஒரு நிஜ நோயாளியுடன் பயிற்சியாளர் இருக்கும் 15, 20 நிமிடத்தைக் குறுக்கிடாமல் கவனிப்பார், முடிந்ததும் சில நிமிடம் பார்த்ததைப் பற்றி மட்டும் பேசுவார். ஒரே தடவை பார்த்து முடிவு கட்டக்கூடாது, வேறு வேறு நோயாளிகளுடன் பல தடவை பார்க்க வேண்டும். நெரிசலான அரசு வார்டில் இதற்கு நேரம் கிடைக்காது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ரவுண்ட்ஸ் முடிந்ததும் வாரத்துக்கு ஒரு நோயாளி என்று வைத்துக்கொண்டேன். அது முடிகிறது.

அப்படிக் கவனித்ததில் முதல் தடவையே ஒன்று கண்ணில் பட்டது. பையனுக்குப் பிளேட்லெட் 40,000 என்று கேட்டுப் பதறிய ஒரு குடும்பத்திடம் இவர் ஆறு நிமிடம் பொறுமையாக விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் பேசி முடித்ததும் நான் அந்தப் பையனின் அப்பாவிடம், “டாக்டர் என்ன சொன்னாரு, எனக்கும் சொல்லுங்க” என்றேன். “பிளேட்லெட்டு ஏறணும்னு சொன்னாங்க, பப்பாளி இலைச் சாறு கொண்டாரப் போறோம்” என்றார். ரத்தக் கசிவு இருக்கிறதா, தண்ணீர் குடிக்கிறானா, சிறுநீர் போகிறதா என்று கவனிக்கச் சொன்னது எதுவுமே போய்ச் சேரவில்லை. இந்தத் தம்பி பக்கத்திலேயே நின்று அதைக் கேட்டார். அப்புறம் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசிக் கட்டம், சொன்னதை ஏற்றுத் திருத்திக்கொள்வது. அன்று மதியம் பேசி முடித்ததும் அவர், “சாரி மேடம், இனிமே பார்த்துக்கிறேன்” என்றார். நம் ஊரில் பெரியவர் முன்னால் எல்லாருக்கும் வரும் பதில் அது. அதை வைத்து மதிப்பெண் போட முடியாது. முகம் வாடியதையோ கண் கலங்கியதையோ வைத்தும் போட முடியாது. “என்ன பார்த்துக்குவீங்க, எதை மாத்துவீங்க?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் அவரே இரண்டு சொன்னார்: எல்லா டெங்கு சார்ட்டிலும் பிபிக்குப் பக்கத்தில் இடைவெளியை எழுதுவேன், சந்தேகம் வந்தால் காரணம் தேடாமல் கூப்பிடுவேன். தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன். இன்னும் இரண்டரை வாரம் இருந்தது. பயிற்சி முடியும் நாளில் சொல்லியிருந்தால் அவர் திருத்திக்கொண்டாரா என்று பார்க்க வழியே இருந்திருக்காது.

அந்த இரண்டரை வாரத்தில் நைட் டூட்டியின்போது ஐந்து தடவை கூப்பிட்டார். இரண்டு தடவை தேவையே இருக்கவில்லை. அதற்காக நான் ஒரு மார்க்கும் குறைக்கவில்லை, பி.ஜி.யும் முகம் சுளிக்கவில்லை. டெங்கு சார்ட்களில் இடைவெளி தவறாமல் எழுதியிருந்தது. ஆனால் எனக்கு உண்மையான ஆதாரம் வேறு ஒரு நோயாளியிடம் கிடைத்தது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் எழுபது வயது அம்மா ஒருவர். மகள் வந்து, “அம்மா பேச்சே சரியில்லைங்க” என்றாள். தூக்கக் கலக்கமாக இருக்கும் என்று விட்டுவிட எல்லா வாய்ப்பும் இருந்தது. இவர் எப்பலேர்ந்து என்று கேட்டார், அப்போதே குளூக்கோமீட்டரில் பார்த்தார். 48. குளூக்கோஸ் ஏற்றச் சொல்லிக்கொண்டே பி.ஜி.க்குப் போன் போட்டார். டெங்குவுக்காகச் சொன்னதை டெங்கு இல்லாத இடத்திலும் செய்கிறார் என்றால் அது உள்ளே போயிருக்கிறது.

திருந்தாத ஒன்றும் இருந்தது. அதே அம்மாவை டிஸ்சார்ஜ் செய்யும்போது மாத்திரை அளவைக் குறைத்திருந்தோம். இவர் சீட்டில் எழுதி, வாயாலும் சொன்னார். திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. மகளிடம் நான் கேட்டபோது பழைய அளவைத்தான் சொன்னாள்.

படிவத்தில் நான் எழுதியது இது. “முடிவெடுத்தல் 3. நான்காம் வாரம் டெங்கு ஷாக்கின் தொடக்கத்தைத் தவறவிட்டார், சந்தேகம் இருந்தும் மூத்தவரைக் கூப்பிடவில்லை. முன்பு கூப்பிட்டதற்குக் கண்டிக்கப்பட்டது ஒரு காரணம், அது யூனிட்டின் தவறு. அதன் பிறகு உரிய நேரத்தில் கூப்பிடுகிறார். பேச்சு 3. மரியாதையும் பொறுமையும் உண்டு, உறவினர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கக் கற்றுக்கொண்டார். சொன்னது புரிந்ததா என்று திருப்பிக் கேட்பதில்லை. திருத்திக்கொள்ளுதல் 5. அடுத்த டூட்டியிலிருந்தே மாற்றம் தெரிந்தது.”

கையெழுத்துப் போடும் முன் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, “டிஸ்சார்ஜ் விஷயத்தையும் இதுலேயே எழுதிருங்க மேடம், அடுத்து சர்ஜரி யூனிட்ல பார்ப்பாங்க” என்றார். அடியில் ஒரு வரி சேர்த்தேன்: டிஸ்சார்ஜ் நேரத்தில் இவர் பக்கத்தில் நின்று கேட்கவும்.