ஜவ்வரிசி உப்புமா ஏன் களியாகிறது?

ஜவ்வரிசி உப்புமா வாணலியில் ஒரே உருண்டையாகத் திரண்டுவிட்டால் நாம் உடனே தீயைத்தான் குறை சொல்வோம், இல்லையென்றால் அதிகமாகக் கிளறிவிட்டோம் என்போம். ஆனால் உதிரியாக வருமா, களியாகுமா என்பது பெரும்பாலும் அதற்குப் பல மணி நேரம் முன்பே, ஊறவைத்த பாத்திரத்திலேயே முடிவாகிவிடுகிறது. மணிக்குள் எவ்வளவு தண்ணீர் போனது, மணிக்கு வெளியே எவ்வளவு தங்கியது என்ற கணக்குதான் எல்லாம்.

இது புரிய, ஜவ்வரிசி எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். சேலம், நாமக்கல் பக்கத்து சேகோ ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்து, கழுவி, துருவி அரைத்து, தண்ணீர் விட்டு வடிகட்டுகிறார்கள். நார்ச்சக்கை திப்பியாக ஒதுங்கிவிடும், வெள்ளைப் பால் தொட்டிக்குப் போகும், அங்கே மாவு அடியில் படியும். அந்த மாவை முழுதாகக் காயவிடாமல், ஈரம் இருக்கும்போதே உதிர்த்துக் குலுக்கினால் துகளோடு துகள் ஒட்டி உருண்டு மணியாகிறது. அதாவது ஜவ்வரிசி என்பது தானியம் இல்லை, வெறும் மாவுத்துகள்கள் ஒட்டி நிற்கும் உருண்டை. அப்படியே தண்ணீரில் போட்டால் உதிர்ந்து மறுபடி மாவாகிவிடும். அதைத் தடுக்கத்தான் சூடான தகட்டில் வறுக்கிறார்கள். மணியின் வெளிப்பக்கத்தில் உள்ள மாவு தன் ஈரத்திலேயே பாதி வெந்து ஓடு மாதிரி இறுகிவிடும், உள்ளே பெரும்பகுதி பச்சை மாவாகவே இருக்கும். அப்புறம் களத்தில் வெயிலில் காயவைப்பார்கள். கடையில் வெள்ளை வெளேரென்று, ஒளி ஊடுருவாமல் இருக்கிறதே, மாவு ஜவ்வரிசி என்பார்கள், அது இதுதான். வறுக்காமல் ஆவியில் வேகவைத்துக் காயவைத்தால் கண்ணாடி போலப் பளபளக்கும் நைலான் ஜவ்வரிசி கிடைக்கும். அதில் மாவு ஏற்கெனவே வெந்திருப்பதால் பாயசத்துக்கும் வடாமுக்கும் அருமை. உப்புமாவுக்கு அதை எடுக்காதீர்கள், மாவு ஜவ்வரிசிதான் உதிரியாக வரும்.

சரி, மாவு வேகும்போது என்ன நடக்கிறது? குளிர்ந்த தண்ணீரில் பச்சை மாவுத்துகள் கரையாது, கொஞ்சம் ஈரத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும். மரவள்ளி மாவுக்கு ஏறக்குறைய 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூடு வரும்போது துகளின் உள் அமைப்பு தளர்கிறது, தண்ணீரை உறிஞ்சிப் பலமடங்கு உப்புகிறது, வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகிறது. இதற்குச் சூடு மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும், தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இது நடக்கும். தண்ணீர் மணிக்குள் இருந்தால் மணி தனக்குள்ளேயே வெந்து முத்தாக நிற்கும். வெளியே தேங்கியிருந்தால் மேலோடு அளவுக்கு மீறி உப்பிப் பிய்ந்து, மாவு வெளியே வந்து, பக்கத்து மணியோடு ஒட்டும். மாவுச்சத்தில் இரண்டு வகை உண்டு, மரவள்ளி மாவில் ஆறும்போது இறுகும் அமைலோஸ் குறைவு, பிசுபிசுக்கும் அமைலோபெக்டின் அதிகம் என்பதால் அந்தப் பசை சட்டென்று இறுகாமல் நூலாக இழுபடும் பசையாக இருக்கிறது.

அதனால் முதல் வேலை கழுவுவது. மூட்டையில் மணிகள் உரசி உரசி மேலே மாவுத்தூள் படிந்திருக்கும், அந்தத் தூள்தான் வாணலியில் முதலில் பசையாவது. அகலமான பாத்திரத்தில் போட்டு, அழுத்திப் பிசையாமல் விரலால் அளைந்து, பால் போன்ற தண்ணீர் ஓரளவு தெளியும் வரை மூன்று நான்கு முறை கழுவி, ஒட்ட வடித்துவிடுங்கள்.

இப்போது அளவு. 200 மில்லி டம்ளரில் ஒரு டம்ளர் மாவு ஜவ்வரிசி என்றால் முக்கால் டம்ளர் தண்ணீர், அதாவது 150 மில்லி. பாத்திரத்தில் பார்த்தால் தண்ணீர் மணிகளின் மட்டத்துக்கு வரும் அல்லது கொஞ்சம் கீழே நிற்கும், மூழ்கடிக்கக் கூடாது. சிறிய மணி இரண்டு மூன்று மணி நேரத்தில் ஊறிவிடும், பெரிய மணிக்கு ஐந்தாறு மணி நேரம், இல்லையென்றால் இரவு முழுக்க மூடி வையுங்கள். அடியில் இருப்பவை அதிகமாகவும் மேலே இருப்பவை குறைவாகவும் குடிக்கும், அதனால் நடுவில் ஒருமுறை மெதுவாகப் புரட்டிவிடுவது நல்லது. ஆலைக்கு ஆலை வறுக்கும் பதம் மாறும் என்பதால் புது பாக்கெட் வாங்கினால் இந்த அளவை ஒரு தொடக்கமாக வைத்துக்கொண்டு, கையால் சோதித்து முடிவு செய்யுங்கள்.

சோதனை இதுதான்: நாலைந்து மணிகளை வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்துங்கள். மாவாக நசுங்கி, நடுவில் எந்தக் கடினமும் தட்டுப்படாமல் இருந்தால் சரி. நடுவில் மணல் மாதிரி ஒரு புள்ளி உறுத்தினால் உள்ளே தண்ணீர் போகவில்லை என்று அர்த்தம், இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து இன்னும் அரைமணி நேரம் விடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால்தான் பெரும்பாலும் களியாகிறது. அரைகுறையாக ஊறியதை வாணலியில் போட்டால் நடுவில் வெள்ளையாகவே இருக்கும், வேகவில்லையே என்று தண்ணீர் தெளிப்போம், அந்தத் தண்ணீர் நடுவுக்குப் போகும் முன்பே மேலோடு குடித்துப் பசையாகிவிடும். உள்ளே வேகாமல், வெளியே குழைந்து, இரண்டும் கெட்டுப்போகும். எதிர்ப்பக்கமும் உண்டு: மணிகள் ஒன்றோடொன்று ஈரமாக ஒட்டி, கை வைத்தால் பிசுபிசுத்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது. வடிகட்டி, ஒரு பருத்தித் துணியில் பரப்பி, மேல் ஈரம் போகும் வரை காயவிடுங்கள்.

வாணலிக்குப் போகும் முன் கால் டம்ளர் வறுத்த வேர்க்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்து ஜவ்வரிசியில் புரட்டுங்கள். பொடி மேல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மணிக்கும் மணிக்கும் நடுவில் நின்று ஒட்டவிடாது. தாளிக்கும் எண்ணெயைக் குறைக்க வேண்டாம், ஒரு டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி தேவை, அந்த எண்ணெய்ப் பூச்சும் அதே வேலையைத்தான் செய்கிறது. உருளைக்கிழங்கு சேர்ப்பதாக இருந்தால் முன்பே வேகவைத்தது. அகலமான வாணலி, மிதமான தீ, அடிக்கடி கிளறாமல் கரண்டியால் அடியிலிருந்து புரட்டிப் போடுவது. மூடி போட்டு வைத்தால் ஆவி தண்ணீராகி மேலேயே சொட்டும், அதனால் திறந்தே வேகட்டும். ஐந்தாறு நிமிடத்தில் பெரும்பாலான மணிகள் கண்ணாடியாக மாறி, அங்கங்கே சிலவற்றில் மட்டும் வெள்ளை தெரியும்போதே அடுப்பை அணையுங்கள், மீதி அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். எலுமிச்சைச் சாறும் ஒரு ஈரம்தான், அதை இறக்கிய பிறகு விடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கொஞ்சம் ஒட்டினால் சூட்டோடு பிரிக்கப் போராடாதீர்கள். தாம்பாளத்தில் பரப்பி, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் ஆறவிட்டால் பசை கொஞ்சம் இறுகும், அப்போது முள்கரண்டியால் உதிர்க்க வரும். மணிகள் ஏற்கெனவே உடைந்து குழைந்திருந்தால் திரும்பாது, அதில் வெந்த உருளைக்கிழங்கும் வேர்க்கடலையும் சேர்த்துப் பிசைந்து வடையாகத் தட்டிப் பொரித்துவிடலாம்.

பாயசத்துக்கு இந்தக் கணக்கே வேறு. அங்கே தண்ணீர் குறைவாக இருந்தால்தான் ஆபத்து, கசிந்த மாவெல்லாம் அடியில் திரண்டு கட்டியாகும். ஒரு பங்கு ஜவ்வரிசிக்கு ஆறேழு பங்கு தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, கிளறிக்கொண்டே தூவுங்கள். கொதிநீரில் விழுந்ததும் மேலோடு உடனே வெந்து மணி உருக்குலையாமல் நிற்கும், பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றினால் மேலோடு அப்படி வேகும் முன்பே மாவு உதிர்ந்து தண்ணீரில் கலந்துவிடும், அதிலும் மாவு ஜவ்வரிசியில் இது சீக்கிரம் நடக்கும். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை மிச்சம் இருக்கும்போது பால் சேர்த்துக்கொள்ளலாம்.